8 முகவரிகள் மறித்த 512: ஒரு கிளை அலுவலகத்தின் சப்நெட் பங்கீடு

மொத்தம் 1024 முகவரிகள். அதில் 744 காலி. அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கவில்லை, நடுவில் ஒன்றுகூடப் பயன்பாட்டில் இல்லாமல் ஒரே தொடராக இருந்தன. புதிதாக வரப்போகும் பிரிவுக்குத் தேவைப்பட்டது 390 மட்டுமே. அப்படியும் அதற்கு ஒரே சப்நெட்டாக இடம் கொடுக்க முடியவில்லை.

விஎல்எஸ்எம் முறையில், அதாவது ஒவ்வொரு சப்நெட்டுக்கும் அதன் தேவைக்கேற்ற நீளத்தில் மாஸ்க் கொடுத்து, முகவரி பங்கிடுகிறவர்கள் பலரும் ஒருநாள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் சரியான அளவு மாஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது பத்து நிமிட வேலை. அந்தத் துண்டுகளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. கீழே வருவது ஒரு கிளை அலுவலகத்தின் கதை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எண்கள் போதும்.

தலைமையகம் இந்தக் கிளைக்குக் கொடுத்த பிளாக் 10.40.8.0/22. அதாவது 10.40.8.0 முதல் 10.40.11.255 வரை. ஆரம்பத்தில் ஐந்து பிரிவுகள், தலைமையகத்துக்கு இரண்டு இணைப்புகள். இணைப்புகளில் ஒன்று முதன்மை, மற்றது மாற்று. பிரிவுகளின் அளவில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. பொறியியல் பிரிவுக்கு 110 முகவரிகள் வேண்டும், நிர்வாகத்துக்கு 9 போதும்.

இந்த எண்ணிக்கையை எப்படி எடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதித் திட்டங்கள் இங்கேயே சறுக்குகின்றன. கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்கள் 23 பேர். ஆனால் முகவரிகள் 52 தேவை: 23 கணினிகள், 23 ஐபி போன்கள், 4 பிரிண்டர்கள், ஒரு சுவிட்ச், ஒரு கேட்வே. போன்களுக்குத் தனி விலேன் இருந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும், இங்கே அப்படி இல்லை. ஆட்களை எண்ணி 23 என்று எடுத்திருந்தால் /27 போதும் என்று தோன்றியிருக்கும். அதில் 30 இடங்கள்தான். போன்கள் வந்திறங்கிய அன்றே நிரம்பியிருக்கும். ஆகவே நாற்காலியை எண்ணாமல், டிஎச்சிபி சர்வரில் ஒரு பரபரப்பான நாளின் உச்ச எண்ணிக்கையைப் பார்த்து, அதோடு கையால் முகவரி போட்ட கருவிகளைக் கூட்டுவதே நம்பகமான வழி.

அந்த எண்ணிக்கைகளை வைத்து முதலில் போட்ட திட்டம் இது:

```
10.40.8.0/26      கணக்கு         (தேவை 52)
10.40.8.64/27     மனிதவளம்      (தேவை 24)
10.40.8.96/27     சர்வர்கள்       (தேவை 20)
10.40.8.128/25    பொறியியல்      (தேவை 110)
10.40.9.0/28      நிர்வாகம்       (தேவை 9)
10.40.11.248/30   முதன்மை இணைப்பு
10.40.11.252/30   மாற்று இணைப்பு
```

மாஸ்க்குகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 52-க்கு /26, அதாவது 64 முகவரிகள். அதில் முதலாவது சப்நெட்டின் பெயராகவும் கடைசி பிராட்காஸ்ட்டாகவும் போக, 62 மிஞ்சும். 24-க்கும் 20-க்கும் /27, பயன்படக்கூடியவை 30. பொறியியலுக்கு /25, பயன்படக்கூடியவை 126. எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாஸ்க் என்று போயிருந்தால், ஏழு துண்டுகளுக்காக /22-ஐ எட்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு /25 கொடுத்திருக்க வேண்டும். இரண்டே கருவிகள் இருக்கும் இணைப்புக்கு 126 முகவரிகள், கிட்டத்தட்ட நிரம்பிய பொறியியலுக்கும் அதே 126. அந்த வீண் இங்கே தவிர்க்கப்பட்டது. பயன்பாட்டில் 280, மீதி 744.

இணைப்புகளை மட்டும் பிளாக்கின் கடைசி நுனியில் வைத்திருந்தார்கள். இது பரவலான பழக்கம்தான். பிரிவுகள் முன்னாலிருந்து வளரட்டும், இணைப்புகள் பின்னாலிருந்து வளரட்டும், நடுவில் இடம் தாராளமாக இருக்கட்டும் என்ற எண்ணம். பார்க்க ஒழுங்காகவும் இருக்கும்.

அப்புறம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மொத்தமாக இந்தக் கட்டடத்துக்கு மாறப்போகிறது என்று தகவல் வந்தது. 390 முகவரிகள். 256 போதாது, அடுத்த அளவு 512, ஆகவே /23. காலியிடம் 9.16-இல் தொடங்கி 11.247 வரை நீள்கிறது. 744-இல் 512 எடுக்க என்ன கஷ்டம்?

ரவுட்டரில் முதல் முயற்சியாக 10.40.9.1 என்ற முகவரியை 255.255.254.0 மாஸ்க்கோடு போட்டார்கள். பதில் இப்படி வந்தது:

```
% 10.40.8.0 overlaps with GigabitEthernet0/0.10
```

போட்டது 9, ரவுட்டர் பேசுவதோ 8-ஐப் பற்றி. ஏன் என்று பார்க்க இருமத்துக்குள் போக வேண்டும். /23 என்றால் முன்னாலுள்ள 23 பிட்கள் சப்நெட்டின் அடையாளம், பின்னாலுள்ள 9 பிட்கள் ஹோஸ்ட்டுக்கு. அந்த ஒன்பதில் எட்டு நான்காவது எண்ணுக்குப் போகும், மீதமுள்ள ஒன்று மூன்றாவது எண்ணின் கடைசி பிட். சப்நெட்டின் தொடக்க முகவரியில் ஹோஸ்ட் பிட்கள் எல்லாமே பூஜ்யமாக இருக்க வேண்டும். 8 இருமத்தில் 1000, கடைசி பிட் பூஜ்யம், சரி. 9 என்பது 1001, கடைசி பிட் ஒன்று. ஆக 9-இல் ஒரு /23 தொடங்கவே முடியாது. 10.40.9.1 என்பது 10.40.8.0/23-க்கு உள்ளே இருக்கும் ஒரு சாதாரண ஹோஸ்ட். ரவுட்டர் அப்படித்தான் புரிந்துகொண்டது. அங்கே கணக்குப் பிரிவு ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் மறுத்தது.

இதைக் கருவியைத் தொடுவதற்கு முன்பே சோதிக்கலாம். பைத்தானில் இரண்டு வரி போதும்:

```
>>> import ipaddress
>>> ipaddress.ip_network('10.40.9.0/23')
ValueError: 10.40.9.0/23 has host bits set
```

பொதுவாகச் சொன்னால், 512 அளவுள்ள துண்டு 512-இன் மடங்கில்தான் தொடங்கும். 64 அளவுள்ளது 64-இன் மடங்கில். எந்த /22-க்குள்ளும் /23-க்கான இடங்கள் இரண்டே இரண்டு. இங்கே அவை 8.0 மற்றும் 10.0. முதலாவதில் ஐந்து பிரிவுகளும் இருக்கின்றன. சரி, இரண்டாவதைப் பார்ப்போம் என்று 10.40.10.1 போட்டார்கள். அதற்கும் மறுப்பு, இந்த முறை சீரியல் இணைப்பின் பெயரோடு. 10.0 முதல் 11.255 வரையிலான 512-இல் 504 காலி. கடைசி எட்டை மட்டும் இரண்டு இணைப்புகள் பிடித்திருந்தன. அந்த எட்டுதான் முழு /23-ஐயும் செல்லாததாக்கியது.

காலியாக எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கைக்கு விஎல்எஸ்எம்மில் தனியாக மதிப்பு கிடையாது. அதே 744 எந்தெந்த அளவுத் துண்டுகளாகக் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். இங்கே 9.16/28, 9.32/27, 9.64/26, 9.128/25, 10.0/24, 11.0/25 என்று போய் 11.240/29-இல் முடிகிறது. ஆகப் பெரியது ஒரு /24. திட்டத் தாளில் 'மீதி 744' என்று எழுதியிருந்த இடத்தில் 'மீதியில் பெரியது: ஒரு /24' என்று எழுதியிருந்தால், சேவைப் பிரிவு வரும் செய்தி வந்த அன்றே சிக்கல் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 390 முகவரிகளை ஏன் ஒரே சப்நெட்டில் போட வேண்டும்? 10.0/24-ஐயும் 9.128/25, 11.0/25 இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 506 இடங்கள் கிடைக்குமே. தாராளமாகச் செய்யலாம், பல இடங்களில் அதுவே நல்ல வழியும்கூட. பிராட்காஸ்ட் எல்லை சிறியதாக இருக்கும், ஒரு மூலையில் கோளாறு வந்தால் அந்த மூலையோடு நிற்கும். ஆனால் இந்தப் பிரிவினருக்கு நிலையான இருக்கை கிடையாது. எல்லோரும் ஒரே வைஃபை பெயரில், ஒரே விலேனில், தளம் முழுக்க நகர்ந்துகொண்டே பேசுபவர்கள். மூன்று சப்நெட்டாக உடைத்தால் நடக்கும்போதே முகவரி மாறி அழைப்பு அறுந்துபோகும். அதனால் /23 என்பது வசதிக்காகக் கேட்டதல்ல.

முழுத் திட்டத்தையும் அழித்துவிட்டுப் பெரியதில் தொடங்கி மறுபடி அடுக்கலாம். 512, 128, 64, 32, 32, 16, 4, 4 என்று இறங்குவரிசையில் வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் தானாகவே தன் எல்லையில் போய் விழும், நடுவில் துளையே வராது. முன்னால் வைத்தவை எல்லாமே அடுத்ததன் மடங்குகள் என்பதால் இந்த முறை வேலை செய்கிறது. புதிய அலுவலகமாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் முகவரி மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு, அது பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். டிஎச்சிபியில் இருக்கும் 110 கணினிகளை நகர்த்துவது, 20 சர்வர்களை நகர்த்துவதைவிட எளிது. சர்வர் முகவரி ஏதாவது ஒரு கான்ஃபிக் ஃபைலில், ஏதாவது ஒரு ஸ்கிரிப்டில், யாருக்கும் நினைவில்லாத ஓர் இடத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். அதனால் இங்கே சர்வர்களைத் தொடுவதில்லை என்பதை முதல் நிபந்தனையாக வைத்தார்கள்.

குறைந்தபட்ச வேலை என்றால், இணைப்புகள் இரண்டையும் 9.16, 9.20 என்று நகர்த்தினால் போதும். 10.0/23 விடுபட்டுவிடும். நான்கு இன்டர்ஃபேஸ்களில் முகவரி மாற்றம், ஒரு மாலை வேலை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாததற்குக் காரணம் பொறியியல் பிரிவு. 126-இல் 110 நிரம்பியிருந்தது, சோதனைப் பலகைகள் மாதாமாதம் கூடிக்கொண்டிருந்தன. அது அமர்ந்திருந்த 8.128/25 வளர்ந்து /24 ஆக வேண்டுமென்றால் பக்கத்துப் பாதியான 8.0/25 காலியாக வேண்டும். அங்கேதான் கணக்கு, மனிதவளம், சர்வர்கள் மூன்றும் இருக்கின்றன. எப்படியும் ஒருநாள் பொறியியலை நகர்த்தத்தான் வேண்டும். அதை இப்போதே செய்துவிட்டால் ஒரே முறை தொந்தரவோடு போகும்.

ஒரு துண்டு வளர்வதென்றால் மாஸ்க்கில் ஒரு பிட் குறைவது. அப்போது அது தன் ஜோடிப் பாதியை விழுங்கும், வேறெதையும் விழுங்க முடியாது. 9.128/25-இன் ஜோடி 9.0/25 மட்டுமே. எண் வரிசையில் அடுத்ததாக வரும் 10.0/25 பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஜோடியாகாது. வளரக்கூடிய பிரிவுக்கு ஜோடியைக் காலியாக விட்டுவைக்கும் இந்த யோசனை 1991-இல் வெளியான ஆர்எஃப்சி 1219-லேயே இருக்கிறது: சப்நெட் எண்களை இடதுபுற பிட்டிலிருந்தும் ஹோஸ்ட் எண்களை வலதுபுற பிட்டிலிருந்தும் கொடுத்துக்கொண்டு போனால், நடுவிலுள்ள எல்லையை யாருடைய முகவரியையும் மாற்றாமல் நகர்த்த முடியும்.

இதையெல்லாம் வைத்து முடிவான திட்டம்:

```
10.40.8.0/26      கணக்கு         (மாற்றமில்லை)
10.40.8.64/27     மனிதவளம்      (மாற்றமில்லை)
10.40.8.96/27     சர்வர்கள்       (மாற்றமில்லை)
10.40.8.128/28    நிர்வாகம்
10.40.8.144/28    காலி (நிர்வாகத்தின் ஜோடி)
10.40.8.160/27    இணைப்புகளுக்கு மட்டும்
10.40.8.192/26    காலி
10.40.9.0/25      காலி (பொறியியலின் ஜோடி)
10.40.9.128/25    பொறியியல்
10.40.10.0/23     வாடிக்கையாளர் சேவை
```

இணைப்புகளுக்கென்று ஒதுக்கிய /27-இல் எட்டு /30 துண்டுகள் அடங்கும், இப்போது வேண்டியது இரண்டு. இரு முனைகள் மட்டுமே உள்ள இணைப்புக்கு /31 போதும் என்று 2000-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 3021 அனுமதிக்கிறது. அதில் தொடக்கமும் பிராட்காஸ்ட்டும் தனியாகக் கிடையாது, இரண்டுமே ஹோஸ்ட் முகவரிகள். இடம் நெருக்கடியாக இருந்தால் அதைப் பயன்படுத்தியிருக்கலாம். இங்கே நெருக்கடி இல்லை, இரு முனைக் கருவிகளும் அதை ஏற்குமா என்று சோதிக்கும் வேலையும் மிச்சம். /30-ஐயே வைத்துக்கொண்டார்கள்.

தாளில் திட்டம் முடிந்தது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வரிசையும் முக்கியம். நிர்வாகம் போக வேண்டிய 8.128-இல் இன்னும் பொறியியல் இருக்கிறது. இணைப்புகள் போக வேண்டிய 8.160-உம் அதே பொறியியலின் துண்டுக்குள்தான். கட்டங்களை நகர்த்தி விளையாடும் புதிர்போல, எது முதலில் நகர முடியுமோ அதிலிருந்து தொடங்க வேண்டும். பொறியியலை 9.0/25-இல் வைப்பதாகத் திட்டமிட்டிருந்தால் அங்கே நிர்வாகத்தின் /28 மறிக்கும், நிர்வாகம் போகவேண்டிய இடத்தைப் பொறியியல் மறிக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். 9.128/25 ஏற்கெனவே காலி என்பதால்தான் மேல்பாதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே வரிசை இப்படி: பொறியியல் முதலில், அப்புறம் இணைப்புகள், பிறகு நிர்வாகம், கடைசியில் புதிய பிரிவு.

பொறியியலை ஒரே நொடியில் மாற்ற முடியாது. முதலில் டிஎச்சிபி குத்தகைக் காலத்தை எட்டு நாளிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறைத்தார்கள். இதைக் குறைந்தது பழைய குத்தகையின் முழுக் காலத்துக்கு முன்பே செய்திருந்தால்தான் எல்லாக் கணினிகளிடமும் குறுகிய குத்தகை இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். பிறகு ரவுட்டரில் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்கும்படி செய்தார்கள்:

```
interface GigabitEthernet0/0.40
 ip address 10.40.9.129 255.255.255.128
 ip address 10.40.8.129 255.255.255.128 secondary
```

புதியது முதன்மையாகவும் பழையது இரண்டாம் நிலையாகவும் இருப்பதைக் கவனியுங்கள். டிஎச்சிபி சர்வர் வேறு சப்நெட்டில் இருக்கும்போது, கணினியின் கோரிக்கையை ரவுட்டர் தன் முதன்மை முகவரியைக் குறிப்பிட்டுத்தான் அனுப்பிவைக்கும். சர்வர் அதைப் பார்த்து எந்தத் தொகுப்பிலிருந்து கொடுப்பது என்று முடிவு செய்கிறது. தலைகீழாகப் போட்டிருந்தால் கணினிகள் பழைய தொகுப்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், யாரும் நகர மாட்டார்கள், பிழைச் செய்தியும் எங்கேயும் வராது.

குத்தகை முடிய முடியக் கணினிகள் நகர்ந்தன. கையால் முகவரி போட்ட சோதனைப் பலகைகள்தான் மிஞ்சின. எவை மிஞ்சியிருக்கின்றன என்பதை ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலில் 10.40.8.128-க்கு மேலே இன்னும் யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இரவில் அணைத்து வைத்திருக்கும் பலகைகள் பட்டியலில் வராது என்பதால் வேலை நேரத்தில் ஒருமுறையும் மறுபடி ஒருமுறையும் பார்க்க வேண்டியிருந்தது.

இணைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். தூர முனையில் முகவரியை மாற்றியதும் அந்த வழியாக நுழைந்திருப்பவரின் தொடர்பு அறுந்துவிடும். அதனால் மாற்று இணைப்பு வழியாக உள்ளே போய் முதன்மையையும், பிறகு முதன்மை வழியாகப் போய் மாற்றையும் திருத்தினார்கள். தொடங்கும் முன் தூர முனை ரவுட்டரில் `reload in 10` என்று கொடுத்துவிட்டார்கள். ஏதாவது தவறிப்போனால் பத்து நிமிடத்தில் அது தானாக மறுபடி எழுந்து, சேமிக்கப்பட்ட பழைய அமைப்போடு வரும். எல்லாம் சரியாக இருந்தால் `reload cancel`. இதில் ஒரே நிபந்தனை, நடுவில் சேமித்துவிடக் கூடாது.

நிர்வாகத்தை 8.128/28-க்கு மாற்றிய மறுநாள் காலையில்தான் எதிர்பாராதது வந்தது. நிர்வாகத்தினரால் இணையத்துக்குப் போக முடிகிறது, மின்னஞ்சல் வருகிறது, ஆனால் 10.40.8.100-இல் இருக்கும் சம்பள சர்வர் மட்டும் திறக்கவில்லை. நிர்வாகத்துக்கான விதிகளைப் புது முகவரிக்குச் சரியாகத் திருத்தியிருந்தார்கள். ரவுட்டிங்கிலும் கோளாறு இல்லை. காரணம், அனுமதிப் பட்டியலின் மேலே யாரும் தொடாமல் விட்டிருந்த ஒரு வரி:

```
deny ip 10.40.8.128 0.0.0.127 host 10.40.8.100
```

பொறியியல் பிரிவு சம்பள சர்வரைத் தொடக்கூடாது என்பதற்காக எப்போதோ எழுதியது. பொறியியல் போய்விட்டது, விதி அங்கேயே நின்றது. இப்போது அந்த முகவரிகளில் குடியேறிய நிர்வாகம் அதில் சிக்கியது. `show access-lists` கொடுத்துப் பார்த்தால், ஆளே இல்லாத பிரிவின் விதியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அதை வைத்துத்தான் பிடித்தார்கள். இதன் மறுபக்கம்தான் இன்னும் மோசம். பொறியியல் இப்போது 9.128-இல் இருக்கிறது, அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. நிர்வாகம் புகார் சொன்னது. தடை நீங்கியவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள். காலியான முகவரிகளை வேறு பிரிவுக்குக் கொடுக்கும் முன், பழைய எண்ணையும் அதன் தலைகீழ் மாஸ்க்கையும் எல்லாக் கருவிகளின் அமைப்பிலும் தேடிப் பார்ப்பது இதற்காகத்தான். இங்கே தேடியபோது பிரிண்ட் சர்வரிலும் இன்னொரு வரி கிடைத்தது.

ரவுட்டிங்கில் ஒரு விஷயம் பாக்கி. இந்தக் கிளையிலுள்ள எல்லாத் துண்டுகளும் 10.40.8.0/22-க்குள் அடங்குவதால், தலைமையகத்துக்கு அந்த ஒரு வரியை மட்டும் அறிவித்தால் போதும். உள்ளே எத்தனை துண்டு, யார் எங்கே நகர்ந்தார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிய வேண்டியதில்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. தலைமையகத்தில் யாரோ 10.40.9.20-ஐத் தேடுகிறார்கள் என்று வையுங்கள். அது இன்னும் யாருக்கும் கொடுக்காத முகவரி. தலைமையகம் /22-ஐப் பார்த்துக் கிளைக்கு அனுப்பும். கிளை ரவுட்டரில் அதற்குப் பொருந்தும் துண்டு எதுவும் இல்லை, ஆகவே பொதுவழியைப் பிடித்துத் தலைமையகத்துக்கே திருப்பி அனுப்பும். டிடிஎல் தீரும்வரை அந்தப் பாக்கெட் இணைப்பில் போய்வந்துகொண்டே இருக்கும். `traceroute` போட்டால் ஒரே இரண்டு முகவரிகள் மாறி மாறி வரும். யாராவது முழுப் பிளாக்கையும் ஸ்கேன் செய்தால் இணைப்பே திணறும். ஒரு வரியில் இதை அடைக்கலாம்:

```
ip route 10.40.8.0 255.255.252.0 Null0
```

இருக்கும் சப்நெட்டுகளுக்கு /22-ஐவிட நீளமான மாஸ்க் இருப்பதால் அவை முதலில் பொருந்திவிடும். எதிலும் சேராதவை மட்டும் இந்த வரிக்கு வந்து அங்கேயே கைவிடப்படும்.

இந்தக் கிளையில் ஓஎஸ்பிஎஃப் ஓடியதால் மாஸ்க்கைச் சுமந்துசெல்லும் பிரச்சினை எழவில்லை. பழைய கருவிகளில் ரிப் வைத்திருப்பவர்கள் மட்டும் அது எந்தப் பதிப்பு என்று பார்க்கவும். முதல் பதிப்பின் அறிவிப்பில் மாஸ்க்கே கிடையாது. சிஸ்கோ ரவுட்டரில் `router rip` என்று மட்டும் எழுதி `version 2` கொடுக்காவிட்டால் அனுப்புவது முதல் பதிப்பைத்தான். இணைப்பு /30 என்றால் அதே 10.0.0.0-ஐச் சேர்ந்த, அதே /30 மாஸ்க் உள்ள துண்டுகள் மட்டுமே அதன் வழியே அறிவிக்கப்படும். /25, /26 எல்லாம் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். மறுமுனையில் `show ip route` பார்க்கும்போது /30-கள் மட்டும் வரிசையாக நின்றால் இதுவே காரணம்.

சேவைப் பிரிவு வந்தபோது 10.40.10.0/23-ஐக் கொடுப்பதில் எந்தச் சிக்கலும் வரவில்லை, ஒன்றைத் தவிர. நிலையான முகவரி போட்ட சில பிரிண்டர்களில் மாஸ்க்கைப் பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று அடித்திருந்தார்கள். 10.40.10.30-இல் இருந்த பிரிண்டர் 11.x முகவரிகளைத் தன் சப்நெட்டுக்கு வெளியே என்று நினைத்துக் கேட்வேக்கு அனுப்பியது. ரவுட்டர் அதை அதே இன்டர்ஃபேஸ் வழியே திருப்பிக் கொடுத்ததால் அச்சடிப்பு நடந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஆனால் 10.40.10.255 இந்த /23-இல் சாதாரண ஹோஸ்ட் முகவரி, அந்தப் பிரிண்டர்களுக்கோ அது பிராட்காஸ்ட். டிஎச்சிபி அந்த முகவரியைக் கொடுத்த ஒரு மடிக்கணினிக்கு மட்டும் அச்சு வரவில்லை. மாஸ்க்கைத் திருத்தினார்கள், கூடவே 10.255-ஐயும் 11.0-ஐயும் டிஎச்சிபியிலிருந்து விலக்கினார்கள். இரண்டுமே விதிப்படி செல்லுபடியாகும் முகவரிகள்தான், ஆனால் 510-இல் இரண்டை இழப்பது பெரிய செலவில்லை.

பொறியியல் பிரிவு 126-ஐத் தாண்டும் நாள் வரும்போது செய்ய வேண்டியது இதுதான்: 9.129 என்ற கேட்வே முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு, ரவுட்டரில் மாஸ்க்கை 255.255.255.0 ஆக்குவது. ரவுட்டரைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஒரு கணினிக்கு 9.20 கொடுத்துவிட்டு ரவுட்டர் இன்னும் /25-இலேயே இருந்தால், அந்தக் கணினிக்குத் திரும்பிவரும் பதில்கள் மேலே சொன்ன Null0-இல் போய் விழும். ரவுட்டர் மாறி, சில பலகைகள் பழைய மாஸ்க்கிலேயே இருந்தால் பெரிய சேதமில்லை. அவை 9.20-ஐ வெளியே என்று எண்ணிக் கேட்வே வழியாகச் சுற்றி அனுப்பும், ஆனால் போய்ச் சேரும். மேல்பாதியில் இருந்துகொண்டு கீழ்ப்பாதியை விழுங்குவதால் பிராட்காஸ்ட் முகவரி இரண்டு மாஸ்க்கிலும் 9.255 ஆகவே இருக்கிறது. 9.128-ஐ மட்டும், எல்லாப் பலகைகளும் திருத்தப்படும் வரை, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பழைய மாஸ்க்குக்கு அது சப்நெட்டின் பெயர்.

கணக்குப் பிரிவுக்கு இந்த வசதி இல்லை. அதன் ஜோடியான 8.64/26-ஐ மனிதவளமும் சர்வர்களும் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. 62-ஐத் தாண்டினால் அது முழுதாக இடம் மாற வேண்டியதுதான். இப்போது 52-இல் இருக்கிறது. போன்களைத் தனி விலேனுக்கு மாற்றி 8.192/26-இல் வைத்தால் கணக்குப் பிரிவில் 23 முகவரிகள் விடுபடும் என்பதால், அந்தக் காலித் துண்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.